நிறத்தை நீக்குவதா, கலப்பதா? கறுப்பு வெள்ளைக் காட்சிக்கான வழிகள்

வண்ணத்தில் எடுத்த காட்சியைக் கறுப்பு வெள்ளையாக்க நினைக்கும் பலர், நிறச்செறிவைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு, காட்சி சப்பென்று இருப்பதைப் பார்த்து கான்ட்ராஸ்ட்டை ஏற்றுகிறார்கள். அதற்கு மேல், ஃபிலிமில் தெரியும் நுண்புள்ளிகளான கிரெயினைத் தூவுகிறார்கள். இருந்தும் பழைய ஃபிலிமின் அழுத்தம் வருவதில்லை. இங்கே கான்ட்ராஸ்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்த நிறம் எந்தச் சாம்பலாக வேண்டும் என்ற முடிவை மென்பொருளிடம் விட்டுவிட்டதுதான் காரணம்.

ஒரே காட்சியை வைத்துப் பார்ப்போம். வாழைத்தோப்பின் முன்னால் சிவப்புப் பட்டுச்சேலையில் ஒரு பெண் நிற்கிறார். நெற்றியில் குங்குமம், பின்னால் நீல வானம். 0 முதல் 255 வரையுள்ள அளவில் சேலையின் சிவப்பு, பச்சை, நீல மதிப்புகள் 200, 30, 40 என்றும், நிழல் விழுந்த வாழை இலைக்கு 45, 75, 35 என்றும் வைத்துக்கொள்வோம். முகத்துக்கு 150, 100, 75. குங்குமத்துக்கு 180, 25, 30.

முதல் வழி நிறச்செறிவைப் பூஜ்யமாக்குவது. எச்டி காட்சிகளுக்கான ரெக்.709 தரத்தின்படி வெளிச்ச அளவில் சிவப்புக்கு 0.2126, பச்சைக்கு 0.7152, நீலத்துக்கு 0.0722 பங்கு. பல மென்பொருள்கள் இதையோ இதற்கு நெருக்கமான பங்கையோதான் பயன்படுத்துகின்றன. கணக்குப் போட்டால் சேலை 67, இலை 66. வண்ணத்தில் கண்ணைப் பறித்த சேலை தோப்போடு கரைந்துவிடுகிறது. இதற்குப் பிறகு எத்தனை கான்ட்ராஸ்ட் ஏற்றினாலும் பயனில்லை, ஏனென்றால் ஒரே சாம்பலாகிவிட்ட இரண்டு பொருள்களை, சாம்பல் அளவுகளை மாற்றும் எந்த வளைவாலும் பிரிக்க முடியாது. எனக்கு இந்த வழியின் மேல் உள்ள கோபமெல்லாம் இதனால்தான்.

இரண்டாவது வழி, பங்குகளை நாமே தீர்மானிப்பது. காட்சித் தொகுப்பு மென்பொருளான டாவின்சி ரிசால்வில் `RGB Mixer` பகுதிக்குப் போய் `Monochrome` என்பதைத் தேர்ந்தால் போதும். மூன்று பங்குகளின் கூட்டுத்தொகை 1 ஆக இருந்தால் வெள்ளையும் நடுச்சாம்பலும் இடம் மாறாமல் நிற்கும்.

சிவப்புக்கு 0.6, பச்சைக்கு 0.3, நீலத்துக்கு 0.1 கொடுத்துப் பாருங்கள். லென்ஸ் முன்னால் சிவப்பு ஃபில்டர் போட்டது போன்ற விளைவு கிடைக்கும். சேலை 133க்கு ஏறும், இலை 53க்கு இறங்கும், வானம் சற்று கறுத்து மேகம் எழுந்து நிற்கும், முகம் பொலிவடைந்து 128 ஆகும். எல்லாம் சரி, ஆனால் குங்குமம் 119க்கு வந்து முகத்தோடு கலந்துவிடும். உதடும் அப்படியே வெளிறும். நம் ஊர் முகங்களை எடுப்பவர்கள் சிவப்பைத் தூக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது நெற்றியைத்தான்.

நேர் எதிராக, சிவப்பைப் பூஜ்யமாக்கி, பச்சைக்கும் நீலத்துக்கும் 0.5 வீதம் கொடுக்கலாம். மௌனப்படக் காலத்தின் ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் ஏறக்குறைய இப்படித்தான் பார்த்தது. அதற்குச் சிவப்பு தெரியாது. உதடு கறுக்கும், நீல வானம் வெளுத்துப்போகும். 1920களின் பிற்பகுதியில் எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாட்டிக் ஃபிலிம் அதன் இடத்தைப் பிடித்தது. நம் காட்சியில் இந்தக் கலவை முகத்தை 88க்கு இறக்கி, தோலின் ஒவ்வொரு தழும்பையும் பருவையும் காட்டிவிடும். மௌனப்படச் சாயல் வேண்டுமென்றால் ஒழிய, மாநிறத் தோலுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என் தேர்வு 0.4, 0.5, 0.1. சேலை 99, இலை 59, முகம் 118, குங்குமம் 88. எதுவும் உச்சத்தில் இல்லை, ஆனால் எல்லாம் தனித்தனியாகத் தெரிகின்றன. இன்னொரு லாபமும் உண்டு. கைபேசியும் சாதாரண கேமராக்களும் பதிவு செய்யும் கோப்புகளில் நிறத்தகவல் பொதுவாக அகலத்திலும் உயரத்திலும் பாதியளவே சேமிக்கப்படுகிறது. சிவப்பையோ நீலத்தையோ அதிகம் நம்பினால் சேலையின் விளிம்பு படிக்கட்டு போல உடையும், வானத்தில் சதுரக் கட்டங்கள் தெரியும். நீலத்தில் இரைச்சலும் அதிகம். பச்சையை 0.5 அளவில் வைத்திருப்பது இதைக் கட்டுப்படுத்துகிறது.

அடுத்தது வளைவு. கான்ட்ராஸ்ட் நெம்புகோல் பொதுவாக எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் இழுக்கிறது. அதனால் கூந்தல் கறுப்புக்குள் போய் அடைத்துக்கொள்கிறது, அதில் சூடிய மல்லிகை வெறும் வெள்ளைத் திட்டாகிறது. எஸ் வடிவ வளைவு நடுப்பகுதியை மட்டும் செங்குத்தாக்கி, இரு முனைகளிலும் மெல்ல வளைந்து முடிகிறது. ஃபிலிமும் இப்படித்தான் நடந்துகொள்ளும். கீழே வரும் கட்டளையில் உள்ள வளைவில் சேலைக்கும் இலைக்கும் இடையிலான 40 அளவு வித்தியாசம் 50ஐத் தாண்டும், மல்லிகையின் இதழ்களும் தப்பிக்கும். நிறம் போன பிறகு வித்தியாசம் காட்ட சாம்பல் மட்டுமே இருப்பதால், வண்ணக் காட்சிக்குப் போடுவதைவிடச் சற்று அழுத்தமான வளைவே இதற்குப் பொருந்தும்.

கிரெயினைப் பொறுத்தவரை எவ்வளவு என்பதைவிட எப்போது என்ற கேள்விதான் பெரியது. பலர் கடைசியில் சேர்க்கிறார்கள். அப்போது அது அடர்ந்த கறுப்பிலும் சுத்த வெள்ளையிலும் ஒரே அளவில் ஆடி, திரையின் மேல் ஒட்டிய தூசு போலத் தெரிகிறது. ஃபிலிமில் கிரெயின் நெகட்டிவில் பிறக்கிறது. பிரின்ட்டின் வளைவு அதன் பிறகுதான் வருகிறது. எனவே கிரெயினை வளைவுக்கு முன்னால் சேருங்கள். வளைவு இரு முனைகளிலும் அதை அடக்கிவிடும், முகத்திலும் வானத்திலும் உயிரோடு விட்டுவைக்கும். கட்டளை வரியில் இயங்கும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் இந்த வரிசை இப்படி வரும்:

```
ffmpeg -i in.mp4 -vf "colorchannelmixer=.4:.5:.1:0:.4:.5:.1:0:.4:.5:.1:0,format=gray,noise=c0s=10:c0f=t,curves=all='0/0.02 0.2/0.14 0.5/0.54 0.8/0.87 1/0.97'" -pix_fmt yuv420p out.mp4
```

இதில் `t` என்பது ஒவ்வொரு ஃபிரேமிலும் புள்ளிகளை மாற்றுவதற்காக. அது இல்லையென்றால் அழுக்குக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலிருக்கும். ஒரு குறை, இந்தப் புள்ளிகள் பிக்சல் அளவிலேயே இருப்பதால் ஃபிலிமின் மென்மையான கொத்துகளுக்கு ஈடாகாது. ரிசால்வின் `Film Grain` இதை நன்றாகச் செய்கிறது, ஆனால் அது கட்டணப் பதிப்பில்தான். ஸ்கேன் செய்த கிரெயின் காட்சி கையில் இருந்தால் `Overlay` முறையில் மேலே வைக்கலாம். அந்த முறை கறுப்பிலும் வெள்ளையிலும் தானாகவே அடங்கிவிடும் என்பதால் வரிசை பற்றிய கவலையும் குறைகிறது.

எட்டு பிட் காட்சியின் வானத்தில் வளைவு போட்டதும் பட்டை பட்டையாகக் கோடுகள் விழுவதுண்டு, நிறம் இல்லாதபோது அவை இன்னும் துலக்கமாகத் தெரியும். சிறிய அளவு கிரெயின் அதை மறைத்துவிடும். ஆனால் குறைந்த பிட்ரேட்டில் ஏற்றுமதி செய்தால் கிரெயின்தான் முதலில் அழியும், பட்டைகள் திரும்ப வரும். காட்சியை மென்பொருளின் முன்னோட்டத்தில் பார்த்து முடிவெடுக்காமல், ஏற்றுமதியான கோப்பில் அந்த வானத்தைப் பாருங்கள்.

0.4, 0.5, 0.1 பகல் வெளிச்சத்துக்கும் சாதாரண விளக்குக்கும் பொருந்தும். கல்யாண மண்டபத்தில் நீல எல்இடி மட்டும் விழும் முகத்துக்கு அது உதவாது. அங்கே சிவப்பில் தகவலே இல்லை, அந்தப் பங்கு முகத்தை இருட்டடிக்க மட்டுமே செய்யும். அந்த ஷாட்டுக்கு மட்டும் சிவப்பைக் குறைத்து, பச்சையையும் நீலத்தையும் கூட்டி, நீலத்தின் இரைச்சலை முன்கூட்டியே குறைத்துவிட்டுக் கலவையை மாற்ற வேண்டும். அதற்குப் பின் வரும் கிரெயினையும் வளைவையும் தொட வேண்டியதில்லை.