'நஷ்டமீட்புத் திட்டம்' விற்கும் டெலிகிராம் சேனல்களை நம்பாதீர்கள்

சிவப்பா பச்சையா என்று நிமிடத்துக்கு ஒரு முறை பணம் கட்டும் செயலிகளுக்கு 'நிச்சய வெற்றித் திட்டம்' தருவதாகச் சொல்லி, ஒரு டெலிகிராம் சேனல்காரர் என் தம்பியிடம் கட்டணம் வாங்கினார். திட்டம் இதுதான்: தொடர்ந்து நான்கு முறை சிவப்பு விழுந்தால் பச்சையில் 100 ரூபாய் கட்ட வேண்டும். தோற்றால் 200, பிறகு 400, வெல்லும் வரை இரட்டிப்பு. "இத்தனை சிவப்புக்குப் பிறகு பச்சை வந்தே தீரும்" என்று அவர் உறுதி சொன்னார்.

அது பச்சைப் பொய். முந்தைய சுற்றுகளில் என்ன விழுந்தது என்பது அடுத்த சுற்றுக்குத் தெரியாது. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பிலேயே விழுந்தது. சிவப்பு வந்தே ஆக வேண்டும் என்று தொகையை ஏற்றிக்கொண்டே போனவர்கள் பெரும் பணத்தை இழந்தார்கள்.

தம்பிக்கு ஏழு பச்சையும் தவறின. 100, 200, 400, 800, 1,600, 3,200, 6,400. மொத்தம் 12,700 ரூபாய். செயலி நேர்மையாகவே நடந்தாலும் ஏழும் தவறுவதற்கு 128-இல் ஒரு வாய்ப்பு உண்டு. நாள் முழுவதும் நிமிடத்துக்கொரு சுற்று ஓடும் இடத்தில் அது அரிதே அல்ல.

எனக்கு அதிகம் கோபம் வந்தது வேறொன்றில். அந்தச் செயலி ஒவ்வொரு பந்தயத்திலும் இரண்டு சதவீதம் பிடித்துக்கொள்கிறது. 100 கட்டி வென்றால் கைக்கு வருவது 196. இதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறாவது படியில் வென்றால் 6,272 கிடைக்கும், ஆனால் அதுவரை கட்டியது 6,300. ஏழாவதில் வென்றிருந்தாலும் 156 ரூபாய் நஷ்டம்தான். முதல் படியில் வென்றால் கிடைக்கும் 96 ரூபாய்க்காக இவ்வளவு பணத்தை முன்வைக்கச் சொன்னவர், இந்தக் கணக்கை ஒருபோதும் காட்டவில்லை.

கேட்டபோது, "ஒரு படி முன்பாகவே நிறுத்திவிட்டீர்கள். 12,800 புரட்டுங்கள், எல்லாம் திரும்பிவிடும்" என்றார். எட்டாவது படியில் வென்றாலும் 412 ரூபாய் குறையும். தம்பி கடன் வாங்கத் தயாராகிவிட்டான், அவன் முட்டாள் அல்ல. போன பணம் கண்முன் நிற்கும்போது, தாங்கக்கூடிய தொகை எது என்ற கேள்வி மறைந்து, மீட்கத் தேவையான தொகை எது என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. அடுத்த பந்தயத்தின் தொகையை உங்கள் வருமானம் தீர்மானிக்காமல், சற்று முன் இழந்தது தீர்மானிக்கிறது என்றால், அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

இப்படிப்பட்ட சேனல்காரர்கள் பலருக்கும், தங்கள் இணைப்பு வழியாகச் சேர்பவர்கள் கட்டும் பணத்தில் கமிஷன் உண்டு. நீங்கள் இரட்டிப்பாக்க ஆக்க அவர்களுக்கு லாபம். கட்டணத்தைத் திருப்பிக் கேட்டதும் அந்த ஆள் எங்களைத் தடைசெய்துவிட்டார். யாரிடமாவது இப்படிப் பணம் போயிருந்தால், பணப் பரிமாற்ற விவரங்களையும் உரையாடல்களையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.