காபித்தூள் லேபிளும் கிம்ப் மென்பொருளும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் தங்கை காபித்தூள் கடை நடத்துகிறாள். ஏற்காட்டுக் கொட்டை விலை ஏறினால் லேபிளில் விலையை மாற்ற வேண்டும்; எப்போதாவது போன் எண் மாறும்; தீபாவளிக்குப் புதுப் பை வரும். ஆண்டுக்குச் சில முறை வரும் இந்த வேலைக்கு மாதச் சந்தா கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பல ஆண்டுகளாக இலவசப் படத்திருத்த மென்பொருளான கிம்பில்தான் செய்து தருகிறேன்.

அது எனக்கு மிகவும் கைகொடுத்தது லோகோ விஷயத்தில். கடையிடம் இருந்தது வெள்ளைப் பின்னணி கொண்ட ஒரு JPG மட்டுமே. பழுப்புப் பையின் மீது அதை வைத்தால் வெள்ளைக் கட்டம் துருத்திக்கொண்டு தெரியும். பின்னணியைத் தேர்ந்தெடுத்து அழித்தாலோ, எழுத்துகளைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு நின்றுவிடும். ஓரத்துப் புள்ளிகளில் பாதி வெள்ளையும் பாதி எழுத்தின் நிறமும் கலந்திருப்பதுதான் காரணம். Colors பட்டியலில் உள்ள Color to Alpha அந்தக் கலப்பிலிருந்து வெள்ளையை மட்டும் உருவி எடுத்துவிடுகிறது. விளிம்பு வழவழப்பாகவே இருக்கிறது.

ஆனால், முழுப் படத்துக்கும் அதைப் போட்டால் லோகோவுக்குள் இருக்கும் வெள்ளைக் கோப்பையும் மறைந்துபோகும். அதனால் முதலில் Fuzzy Select கொண்டு வெளிப்புற வெள்ளையைத் தேர்ந்தெடுத்து, Select பட்டியலில் உள்ள Grow மூலம் ஓரிரு பிக்சல் விரித்து, அந்தப் பகுதிக்கு மட்டும் போடுகிறேன். JPG-யில் வெள்ளை முழு வெள்ளையாக இருக்காது என்பதால் லேசான படலம் மிஞ்சும். அடியில் ஒரு கறுப்பு லேயர் வைத்துப் பார்த்தால் அது உடனே தெரிந்துவிடும். Transparency threshold அளவைச் சற்று உயர்த்தினால் போய்விடும். பிறகு PNG-யாக எடுக்கிறேன். JPG-யில் பின்னணி மறுபடியும் நிறைந்துவிடும்.

விலையை எழுத்து லேயராகவே விட்டு, கிம்பின் சொந்த வடிவமான XCF கோப்பாகச் சேமித்துவைக்கிறேன். "அண்ணா, கால் கிலோ விலை மாறிவிட்டது" என்று தங்கை சொன்னால், எண்ணை அழித்துப் புதிதாகத் தட்டுவது மட்டுமே வேலை. எழுத்தைப் பெரிதாக்க Scale கருவியை மட்டும் தொடக் கூடாது. தொட்டால் எழுத்து வெறும் படமாகிவிடும். மீண்டும் திருத்தப் போனால் செய்த மாற்றம் போய்விடும். எழுத்துரு அளவைத்தான் கூட்ட வேண்டும்.

தமிழ் யூனிகோடு எழுத்துகளைக் கிம்ப் ஒழுங்காகக் காட்டுகிறது. கொம்பும் காலும் இடம் மாறுவதில்லை. அச்சகங்களில் புழங்கும் பழைய குறியீட்டு எழுத்துருக்களில்தான் சிக்கல். எழுத்துரு பெயரை மாற்றியும் திரையில் வடிவம் மாறவில்லை என்றால், அது யூனிகோடு எழுத்துரு இல்லை என்று பொருள். அப்போது நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்த மலர் எழுத்துருவைப் போட்டுவிடுவேன்.

கடை முகப்புக்குப் பெரிய ஃபிளெக்ஸ் பலகை என்றால் கிம்ப் போதாது. புள்ளிகளால் ஆன லோகோவை அந்த அளவுக்கு இழுத்தால் விளிம்பு மங்கிவிடும். அதற்கு, இதுவும் இலவசமான இங்க்ஸ்கேப்பில் லோகோவைக் கோடுகளாக வரைந்துகொள்கிறேன்.