பிஎஸ்4 டிஸ்க் கையில் இருக்கிறதா? இலவச அப்கிரேடே போதும்

கீழக்கரை, ராமநாதபுரம் பக்கம் பிஎஸ்5 வாங்குகிற பலரிடம் வெளிநாட்டிலிருந்து சபுராளிகள் கொண்டுவந்த பிஎஸ்4 டிஸ்க்குகள் கிடக்கின்றன. அவற்றைப் புதிய கன்சோலுக்கு ஏற்றும்போது சில கேம்கள் காசு கேட்பதில்லை, சில கேட்கின்றன. 'தி விட்ச்சர் 3' இலவசம். 'ஹொரைசன் ஜீரோ டான்' ரீமாஸ்டருக்கு அமெரிக்க ஸ்டோரில் 10 டாலர்.

காட்சித் தரத்தில் காசு வாங்குவதுதான் ஒரு படி மேலே என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஹொரைசனில் உரையாடல் காட்சிகளுக்கு நடிப்பையே புதிதாகப் பதிவு செய்திருக்கிறார்கள். விட்ச்சரில் ரே டிரேசிங்கும், நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் மோடும் கிடைக்கின்றன. பழைய கேமை மறுபடி ஆட அதுவே தாராளம்.

ஆனால் நான் இலவசத்தின் பக்கம் நிற்பதற்குக் காரணம் டிஸ்க்தான். டிஸ்க் வழியாக அப்கிரேடு செய்தால், இலவசமோ கட்டணமோ, ஒவ்வொரு முறை ஆடும்போதும் அந்த டிஸ்க் உள்ளே இருந்தாக வேண்டும். அது வெறும் சாவி; பிஎஸ்5 கேம் முழுவதும் இணையத்திலிருந்துதான் இறங்கும். நாளை டிஸ்க்கை விற்றாலோ, கீறல் விழுந்தாலோ, கொடுத்த 10 டாலரும் அதோடு போயிற்று. வாங்குகிறவர் அந்தத் தொகைக்காகக் கூடுதலாகத் தரமாட்டார், ஏனென்றால் அப்கிரேடு உங்கள் அக்கவுண்டில் இருக்கிறது. இலவசத்தில் இழக்க எதுவும் இல்லை. டிரைவ் இல்லாத டிஜிட்டல் பிஎஸ்5 என்றால், டிரைவ் மாட்டக்கூடிய மாடலில் அதைத் தனியாக வாங்கி மாட்டினால் ஒழிய இரண்டுமே கிடையாது. பிஎஸ்4 கேமை ஸ்டோரிலேயே வாங்கியவருக்கு இந்தக் கவலை இல்லை. அவர் 10 டாலர் தருவதில் நியாயம் உண்டு.

வெளிநாட்டு டிஸ்க்கில் இன்னொரு சிக்கல். டிஸ்க்கின் ரீஜனும் அக்கவுண்டின் ரீஜனும் பொருந்தாவிட்டால் சலுகை வராமல் போகலாம். டிஸ்க்கைப் போட்டபின் ஸ்டோர் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அப்போதும் முழு விலையே காட்டினால் காசு கட்டாதீர்கள்.

டிஸ்க்கைப் போட்டதும் பிஎஸ்4 பதிப்பு தானாக ஏறத் தொடங்கும், அதை நிறுத்திவிடுங்கள். பிறகு பிஎஸ்5 பதிப்பை இறக்குங்கள். 50 ஜிபி கேம் என்று வைத்துக்கொண்டால், தினம் 2 ஜிபி தரும் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் 25 நாள் ஆகும். ஃபைபர் இருக்கிற வீட்டுக்குக் கன்சோலைக் கொண்டுபோவது மேல்.

இறக்கியும் படம் பழையபடியே தெரிந்தால், பிஎஸ்4 பதிப்புதான் ஓடுகிறது. Play பொத்தானுக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி, PS5 என்று எழுதியதைத் தேர்ந்தெடுங்கள்.

பழைய கன்சோலை விற்கும்முன் சேவ் ஃபைல்களை ஒரு பென்டிரைவில் எடுத்துவையுங்கள். பிஎஸ்4 சேவ் பென்டிரைவிலிருந்து பிஎஸ்5-க்கு ஏறும். பிஎஸ்5 சேவை அப்படிப் பென்டிரைவில் எடுக்க வழியில்லை.