ராமேஸ்வரத்தில் இந்திப் பலகை படிக்க: நேரலை கேமராவா, போட்டோவா?

சன்னதித் தெரு லாட்ஜ், மெஸ் பலகைகளில் இந்தி நிறைய. கூகுள் டிரான்ஸ்லேட்டின் கேமராவில் இரண்டு வழி: பலகைக்கு நேரே காட்டியதும் எழுத்தின் மேலேயே தமிழ் வருவது ஒன்று, படம் பிடித்து நிறுத்திப் படிப்பது இன்னொன்று.

வேகம்: நேரலைதான். சைவமா, அசைவமா என்று நடந்தபடியே தெரிந்துவிடும்.
போட்டோ: ஷட்டரை அழுத்திக் காத்திருக்க வேண்டும், அவ்வளவே.

துல்லியம்: கடற்காற்றில் ஃபிளெக்ஸ் ஆடினால் நேரலையில் வார்த்தை நொடிக்கு நொடி மாறும். அப்படி மாறினால் எதையும் நம்பாதீர்கள்.
போட்டோவில் ஒரே பதில் நிற்கும். லாட்ஜின் கட்டணப் பலகையில் ஏசி அறை, கூடுதல் படுக்கை, காலி செய்யும் நேரம் என வரிவரியாக இருந்தால், பெரிதாக்கி எந்த வரிக்கு எந்தத் தொகை என்று பொருத்திப் பார்க்கலாம். வெயில் பளபளத்தால் சற்றுப் பக்கவாட்டில் நின்று எடுங்கள்.

இரண்டுக்கும் பொது: மொழியைத் தானே கண்டுபிடிக்க விடாமல் ‘இந்தி’ என்று நீங்களே வையுங்கள். மராத்திக்கும் அதே எழுத்துதான். இரண்டே சொல் உள்ள பலகையில் குழம்பிவிடும். தனுஷ்கோடிப் பக்கம் போவதற்கு முன் வைஃபையில் இந்தி, தமிழ் இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஆஃப்லைனில் தமிழ் கொஞ்சம் கரடுமுரடாக வரும்.

கடை தேட நேரலை போதும். காசு கொடுக்கும் முன் போட்டோ.