நாக்கு நரம்புக் கருவி: நீண்ட காலப் பாவனைக்குப் பிறகு என் கணிப்பு

கல்முனையில் இருக்கிற ஒரு நண்பர் கேட்டார்: "மச்சான், சிபெப் மாஸ்க்கோட படுக்க ஏலாது. உன்ட நெஞ்சுக்குள்ள இருக்கிற மாதிரி ஒண்டு நானும் போடலாமா?" நித்திரையில் மூச்சு அடைபடும் நோய் என்ன, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி மூச்சு வழியைத் திறந்து வைக்கும் சிபெப் இயந்திரம் என்ன என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதனால் அவற்றை விட்டுவிட்டு, நாக்கு நரம்பை மின்துடிப்பால் தூண்டும் இந்தக் கருவியைப் போட்ட பிறகுதான் தெரியவரும் விஷயங்களை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முகத்தில் ஒன்றும் இல்லை. குழாய் இல்லை, காற்றுக் கசிவு இல்லை, விடியும்போது வாய் காய்ந்து கிடப்பதில்லை. 2022இல் நீண்ட மின்வெட்டு இருந்த நாட்களில் சிபெப் வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை மட்டக்களப்பில் எல்லோரும் அறிவார்கள். இதன் பற்றரி நெஞ்சுத் தோலுக்கடியில் இருக்கிறது, சுமார் 11 வருடம் வரும் என்கிறார்கள். கரண்ட் போனாலும் மூச்சு நிற்காது. இந்த ஒன்றுக்காகவே கருவியை நான் திருப்பிக் கொடுக்க மாட்டேன்.

ஆனாலும் என்னை விடாமல் எரிச்சல்படுத்தும் ஒன்று இருக்கிறது: வோல்ட். ஒப்பரேஷன் ஒரு நாளில் முடிகிறது. சரியான வோல்ட்டைக் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆகிறது. அந்த மாதங்களைப் பற்றி ஆலோசனை நேரத்தில் யாரும் ஒழுங்காகப் பேசுவதில்லை.

கருவி செய்வது இதுதான். 12ஆவது மண்டை நரம்பு நாக்கை அசைக்கிறது. அதில் நாக்கை முன்னே தள்ளும் கிளைகளும் உண்டு, பின்னே இழுக்கும் கிளைகளும் உண்டு. முன்னே தள்ளும் கிளைகளை மட்டும் பிடித்து, சிறு மின்முனைப் பட்டை ஒன்றை தாடைக்குக் கீழே சுற்றிவிடுகிறார்கள். பின்னே இழுக்கும் நார் ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டால் நாக்கு எதிர்ப்பக்கம் போகும். அதனால்தான் ஒப்பரேஷன் நடக்கும்போதே நரம்பைத் தூண்டித் தூண்டிப் பார்க்கிறார்கள். நெஞ்சில் உள்ள பெட்டி நாம் மூச்சு எடுக்கும் தாளத்தைக் கவனித்து, மூச்சு உள்ளே போகும் நேரத்தில் மின்துடிப்பு கொடுக்கிறது. நாக்கு முன்னே வர, அதோடு இணைந்த தசை வாயின் மேற்கூரையின் பின்பகுதியான மென் அண்ணத்தையும் கொஞ்சம் இழுக்கிறது. வழி திறக்கிறது.

ஆனால் எல்லாத் தொண்டைக்கும் அப்படித் திறக்காது. பொருத்தமானவரா என்று பார்ப்பதற்கு மயக்க மருந்து கொடுத்து நித்திரையாக்கி, மூக்கு வழியாக கமரா விட்டு, தொண்டை எப்படி மூடுகிறது என்று ஈ.என்.டி. வைத்தியர் பார்ப்பார். மென் அண்ணம் முன்பின்னாக மட்டும் மூடினால் நல்லது. சுருக்குப்பையின் வாய் போல நாலு பக்கமும் ஒன்றாகச் சுருங்கினால், முன்னே இழுக்கிற நாக்கு மட்டும் பக்கச் சுவர்களைத் திறக்காது. 2014இல் அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த வகைக்கு இந்தச் சுருக்கம் இருந்தால் பொருத்தக் கூடாது என்பது விதி. இந்தப் பரிசோதனை செய்யாமல் யாராவது திகதி குறித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மற்ற வரம்புகள் இதைவிட எளிது. மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைப்படுகிறது என்ற எண், அதாவது ஏஎச்ஐ, முதலில் 20க்கும் 65க்கும் இடையில் இருக்க வேண்டும் என்றார்கள். பிறகு கீழ் எல்லையை 15 ஆக்கினார்கள். 2023இல் அமெரிக்காவில் மேல் எல்லையை 100 ஆக்கினார்கள். மூளை மூச்சுக்குக் கட்டளை கொடுக்காமல் வருகிற தடைகளும், அது கலந்து வருகிற தடைகளும் மொத்தத்தில் நாலில் ஒன்றுக்குக் குறைவாக இருக்க வேண்டும். காரணம், நாக்கை எவ்வளவு தள்ளினாலும் மூளை கட்டளை கொடுக்காவிட்டால் மூச்சு வராது. உடல் எடை ஏற ஏறப் பலன் குறைகிறது. எடைக்கான எல்லையை இப்போது தளர்த்தியிருக்கிறார்கள். அதை நம்பி யாரும் நிம்மதியடையக் கூடாது என்பது என் கருத்து.

2014இல் வந்த ஸ்டார் ஆய்வில் 126 பேருக்குக் கருவி பொருத்தி ஒரு வருடம் பார்த்தார்கள். நடுத்தர ஏஎச்ஐ 29.3இலிருந்து 9.0க்கு இறங்கியது. பெரிய வெற்றி. ஆனால் குறித்த இலக்கை எட்டியவர்கள் மூன்றில் இரண்டு பங்குதான். கவனமாகத் தெரிந்தெடுத்தவர்களிலேயே மூன்றில் ஒருவர் எட்டவில்லை.

இனி வோல்ட். ஒப்பரேஷன் காயம் ஆறட்டும் என்று சுமார் ஒரு மாதம் கருவியை நிறுத்தியே வைப்பார்கள். பிறகு கிளினிக்கில், முழித்திருக்கும்போதே, சிறிது சிறிதாக ஏற்றிப் பார்ப்பார்கள். என் விஷயத்தில் 0.7 வோல்ட்டில் துடிப்பு உணரப்பட்டது. 1.1 வோல்ட்டில் நாக்கு கீழ்ப் பல்வரிசையைத் தாண்டி வந்தது. அந்த 1.1 தொடக்கம் 2.1 வரை என்று ஒரு எல்லையை அமைத்து, ரிமோட்டைக் கையில் தந்தார்கள். அதன் பிறகு 0.1, 0.1 ஆக நாமே வீட்டில் ஏற்ற வேண்டும். சில இரவுகள் நித்திரை கெடாமல் போனால்தான் அடுத்த படி.

1.8க்கு வந்தபோது துடிப்பே தட்டி எழுப்பியது. 1.7க்கு இறங்கி, நித்திரை ஆய்வுக்குப் போனால் அறிக்கையில் ஏஎச்ஐ 4 என்று வந்தது. ஒப்பரேஷனுக்கு முன் 41. எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் பகலில் களைப்பு போகவில்லை, வீட்டில் குறட்டையும் நிற்கவில்லை.

இதில்தான் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இருக்கிறது. நித்திரை ஆய்வில் ஓர் இரவுக்குள் வோல்ட்டைப் பலமுறை மாற்றுகிறார்கள். நன்றாக வேலை செய்த ஒரு வோல்ட்டில், சரிந்து படுத்திருந்த கொஞ்ச நேரத்துக்குரிய எண்தான் அந்த 4. முழு இரவுக்கு உரியதல்ல. வீட்டில் 1.7ஐ மாற்றாமல் இரவு முழுக்கப் பதிவு செய்தபோது 19 வந்தது. மல்லாந்து கிடந்த நேரத்தில் 30க்கு மேல், சரிந்து கிடந்த நேரத்தில் 8. ஆகவே "உங்கள் ஏஎச்ஐ இறங்கிவிட்டது" என்று யாராவது சொன்னால், அது எந்த வோல்ட்டில், எந்தப் படுக்கை நிலையில், எத்தனை மணி நேரத்துக்கு என்று கேளுங்கள். என் கிளினிக்கில் நானாகக் கேட்கும் வரை இதைச் சொல்லவில்லை. இன்னும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

சரிப்படுத்தியது வோல்ட்டை ஏற்றி அல்ல, மின்முனையின் அமைப்பை மாற்றி. பட்டையில் மூன்று முனைகள் இருக்கின்றன. வழமையான அமைப்பில் நடு முனை எதிர்மறை, இரு பக்கமும் நேர்மறை. அதை மாற்றி, நெஞ்சுப் பெட்டியையே மறுமுனையாக வைத்தால் மின்புலம் அகலமாகப் பரவும், குறைந்த வோல்ட்டிலேயே நாக்கு அசையும். எனக்கு 1.3 போதுமாயிற்று. முழு இரவு எண் 9. எழுப்பும் குத்தலும் இல்லை. எல்லோருக்கும் இதே மாற்றம் சரிவரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அகலமான புலம் சிலருக்குத் தேவையில்லாத நார்களையும் தொட்டுவிடும். ஆனால் ஏற்றியும் பலனில்லை, ஏற்றினால் நித்திரையும் போகிறது என்றால், கேட்க வேண்டிய அடுத்த கேள்வி அமைப்பை மாற்றலாமா என்பதுதான்.

அந்த மாற்றத்தை நம் ரிமோட்டால் செய்ய முடியாது. கிளினிக்கில் இருக்கும் புரோகிராமர் என்ற கருவியை நெஞ்சுக்கு மேல் பிடித்துத்தான் செய்ய வேண்டும். நமக்கு அது எங்கே இருக்கிறது? என்னுடையது வெளிநாட்டில். கொழும்புக்குப் போவதே ஒரு நாள் வேலையாக இருக்கிற நமக்கு, 0.4 வோல்ட் குறைக்க விமானம் ஏற வேண்டியிருக்கிறது.

தினசரிப் பாவனையில் மூன்று நேரங்களைச் சரியாக வைக்க வேண்டும். ஆரம்பிக்கும் தாமதம் வழமையாக 30 நிமிடம். நித்திரை பிந்தி வருபவருக்கு இது போதாது. கண் மூடுமுன் துடிப்பு தொடங்கினால் அன்றைய நித்திரை போய்விடும். அப்படியானால் தாமதத்தைக் கூட்டச் சொல்ல வேண்டும். இடைநிறுத்தம் 15 நிமிடம், நடுராத்திரி எழுந்து போய் வருவதற்கு. அதை அழுத்தாமல் எழுந்தால் பேசும்போது நாக்கு முன்னே வந்து சொல் குழறும். மொத்த நேரம் 8 மணி, அதன் பின் தானாக நிற்கும். படுக்கும்போது அழுத்த மறந்தால் அந்த இரவு சிகிச்சையே இல்லை. மாஸ்க்கை முகத்தில் வைக்காவிட்டால் உடனே தெரியும், இதை மறந்தது காலையில்தான் தெரியும்.

கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு வழி. நல்லபடியாக வேலை செய்யும் காலத்திலேயே, முழித்திருக்கும்போது கருவியை ஓட விட்டு, வாயைச் சிறிது திறந்து, நாக்கு வரும் விதத்தை போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கருவி ஒரு பக்க நரம்பில் மட்டும் இருப்பதால், நாக்கு முன்னே வரும்போது மறுபக்கம் கொஞ்சம் சாயலாம். அது பிழையல்ல. பின்னர் அதே படியில் நாக்கு குறைவாக வந்தாலோ, வராவிட்டாலோ, கழுத்தில் புதிதாக வலி இழுத்தாலோ, கம்பியில் அல்லது மின்முனையில் ஏதோ நடந்திருக்கிறது. நாக்கு பழையபடி வருகிறது, ஆனால் குறட்டை திரும்பிவிட்டது என்றால், எடை ஏறியதா, மூக்கு அடைத்திருக்கிறதா, மல்லாந்து படுக்கிறோமா என்று முதலில் பார்க்க வேண்டும். இந்த வீடியோவை அனுப்பினால் தூரத்தில் இருக்கிற கிளினிக்கும் பாதி வேலையை முடித்துவிடும்.

நாக்கின் அடிப்பக்கம் கீழ்ப் பல்லில் உரசிப் புண்ணாவது அடிக்கடி வரும் தொல்லை. மெல்லிய பல் உறை ஒன்று செய்வித்தால் தீரும். அதை இங்குள்ள பல் வைத்தியரே செய்து தருவார். பிசியோதெரபிக்குப் போனால், மின்னலைகளால் உடலின் உள்ளே சூடேற்றும் ஷார்ட்வேவ் டயதெர்மி வைக்க விடக் கூடாது. எம்ஆர்ஐ எடுப்பதானால் கருவி அட்டையில் உள்ள மாதிரி எண்ணைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சில மாதிரிகளுக்கு உடலின் சில பகுதிகள் மட்டுமே அனுமதி.

என் கருவியை நான் கழற்றக் கொடுக்க மாட்டேன். ஆனால் நண்பருக்கு என் பதில்: இப்போது போடாதே. முதலில் மூக்கடைப்பைப் பார்க்கச் சொல். முழு முகமூடிக்குப் பதில் மூக்குத் துவாரத்தில் மட்டும் வைக்கும் சிறிய வகையைப் பரீட்சித்துப் பார். அழுத்தம் தேவைக்கு மேல் வைத்திருக்கிறார்களா என்று கேள். கீழ்த்தாடையை முன்னே பிடிக்கும் பல் கருவியையும் கேட்டுப் பார். அத்தனையும் தோற்று, மயக்க நிலைக் கமரா பரிசோதனையும் சாதகமாக வந்தால், பிறகு இரண்டு பதில்களை எழுத்தில் வாங்கு: அடுத்த இரண்டு வருடத்துக்குப் புரோகிராமர் வைத்து மாற்றித் தருபவர் யார், ஒப்பரேஷனுக்குப் பிந்திய முழு இரவுப் பதிவை எந்த மாதத்தில் செய்வார்கள். இரண்டும் இல்லாமல் பணம் கட்டாதே.