திருமங்கலம் – பெரியார் பஸ்ஸில் நான்காவது ஆண்டாக மாஸ்க்: எனக்குப் பொருந்தியதும் பொருந்தாததும்

2022-ல் என் கணவருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரையை அவர் தொடர்ந்து சாப்பிட வேண்டும். கூட்டத்துக்குப் போகாதீர்கள் என்று அவரிடம் சொன்ன டாக்டர் என் பக்கம் திரும்பி, "நீங்க தினமும் பஸ்ல வேலைக்குப் போறீங்களேம்மா?" என்று கேட்டார். அன்றிலிருந்து, திருமங்கலத்தில் ஏறி பெரியாரில் இறங்கும்வரை மாஸ்க் இல்லாமல் நான் நின்றதில்லை. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், வாரத்தில் ஆறு நாள். சில நாள் செங்கோட்டை பாசஞ்சர்.

முதலில் போட்டது பருத்தித் துணி மாஸ்க். பிளவுஸ் தைக்கும் அக்காவே இரண்டு மடிப்பாகத் தைத்துக் கொடுத்தார். காதை அறுக்காது, தினமும் துவைக்கலாம். ஆனால் நாம் இருமும்போது தெறிக்கும் பெரிய துளிகளைத்தான் அது ஓரளவு பிடிக்கும். காற்றில் மிதக்கும் நுண்துளிகளுக்கு நெசவின் இடைவெளியே போதுமான வழி. எங்கள் வெயிலில் பசுமலை வருவதற்குள் நனைந்து மூக்கோடு ஒட்டிவிடும். இரண்டு மாதத்தில் விட்டுவிட்டேன்.

அடுத்தது மெடிக்கலில் பெட்டியாக விற்கும் நீல சர்ஜிகல் மாஸ்க். மூன்று அடுக்கு, நடு அடுக்குதான் வடிகட்டி, அதில் குறையொன்றும் இல்லை. குறை கன்னத்தில். அதைப் போட்டுக்கொண்டு காதுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்து மூச்சை விட்டுப் பாருங்கள், சூடாகப் படும். காற்று சுலபமான வழியைத்தான் தேடும். வெளியே போகிற அதே சந்து வழியாகத்தான் உள்ளேயும் வரும். காது நாடாவை மாஸ்க்கின் ஓரத்தை ஒட்டி முடிச்சுப் போட்டு, பக்கத்தில் பிதுங்கும் மடிப்பை உள்ளே செருகினால் சந்து நிறையக் குறையும். சர்ஜிகலின் மேல் துணி மாஸ்க் போட்டு அழுத்தினாலும் அதே பலன். இன்றைக்கும் பையில் இரண்டு சர்ஜிகல் வைத்திருக்கிறேன், பக்கத்தில் நின்று இருமுகிறவருக்குக் கொடுக்க. பெரும்பாலும் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள்.

மூன்றாவதாக வந்ததுதான் என்-95. இதை வாங்கும்போதே தவறு நடந்துவிடுகிறது. 'என்-95' என்று அட்டையில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். நான் பார்ப்பது ஐ.எஸ்.ஐ. முத்திரை, அதோடு ஐ.எஸ். 9473 என்ற எண், என்-95-க்கு நிகரான எஃப்.எஃப்.பி.2 என்ற வகை. இந்த வகை மிக நுண்ணிய துகள்களில் குறைந்தது 94 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது விதி. அமெரிக்காவின் என்-95-க்கு 95 சதவீதம். முத்திரையோடு உரிம எண்ணும் இருக்கும், அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். வால்வு வைத்ததை வாங்குவதில்லை. நாம் விடும் மூச்சு வால்வு வழியாக வடிகட்டாமலே வெளியே போகும். எனக்குச் சளி பிடித்த நாளில் கணவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் என்ன ஆகும்? 2020 ஜூலையிலேயே மத்திய சுகாதாரத் துறை வால்வு மாஸ்க் வேண்டாம் என்று மாநிலங்களுக்கு எழுதியிருந்தது.

முதலில் காதில் மாட்டும் வகையை வாங்கினேன். நாடா தோட்டில் சிக்கும், கழற்றும்போது ஜிமிக்கியும் சேர்ந்து வரும். அதைவிட மோசம், நாலைந்து நாளில் நாடா தொய்ந்து தாடைப் பக்கம் தூக்கிக்கொண்டது. அப்புறம் தலையைச் சுற்றும் இரட்டை நாடா வகைக்கு மாறினேன். மேல் நாடா உச்சந்தலையின் பின்பக்கம், கீழ் நாடா காதுக்குக் கீழே பிடரியில். பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, கீழ் நாடாவை முடிக்கு அடியில் கழுத்தோடு ஒட்டி விட வேண்டும். பின்னலின் மேலேயே விட்டால் தலையைத் திருப்பும்போதெல்லாம் நழுவும். பூ வைப்பதாக இருந்தால் மாஸ்க் மாட்டிய பிறகு வையுங்கள்.

ஒரு கார்த்திகை நாள். திருப்பரங்குன்றத்தில் பஸ் நிரம்பி வழிந்தது. என் மூக்குக்கண்ணாடியில் இடது பக்கம் மட்டும் பனிமூட்டம் போட்டது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று பார்த்தேன். மூக்குக் கம்பியை வலது கையால் கிள்ளியே மடித்துப் பழகியிருக்கிறேன். நடுவில் கூம்பு போல எழும்பி, இடது பக்கம் பென்சில் நுழையும் அளவுக்குச் சந்து. இப்போது இரண்டு கை விரல்களையும் கம்பியின் நடுவில் வைத்து, இரு பக்கமும் கன்னம் வரை அழுத்திக்கொண்டே இறக்குகிறேன். பிறகு இரண்டு கையாலும் மாஸ்க்கை லேசாக மூடி, வேகமாக மூச்சை விடுவேன். ஓரத்தில் எங்கேயும் காற்றுப் படக்கூடாது. வேகமாக இழுத்தால் மாஸ்க் முகத்தை நோக்கிச் சற்று ஒடுங்க வேண்டும். வீட்டு வாசலில் பத்து விநாடி வேலை. ஏறிய பிறகு பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. வியர்வைக்காக உள்ளே கர்ச்சீப் வைப்பவர்களைப் பார்க்கிறேன், தயவுசெய்து வைக்காதீர்கள். ஓரம் தூக்கி, போட்டதே வீணாகிவிடும். ஆண்களுக்குத் தாடி இருந்தாலும் இதே கதைதான்.

மறுபடி பயன்படுத்துவது பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரு நாள் எங்கள் அத்தை, அழுக்காக இருக்கிறதே என்று என் மாஸ்க்குகளை சோப்புப் பொடியில் ஊறவைத்துக் கசக்கிக் கொடியில் காயப்போட்டுவிட்டார். பார்க்கப் புதுசு போலவே இருந்தன. ஆனால் உள்ளே இருக்கும் இழைகளில் மின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். தலை வாரிய சீப்பு காகிதத் துண்டை இழுப்பது போல அது நுண்துகளை இழுத்துப் பிடிக்கும். சோப்பும் சானிடைசரும் அந்த மின்னூட்டத்தைக் குலைத்துவிடும். மூச்சு விடுவதில் வித்தியாசம் தெரியாது, அதனால் கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. ஆறையும் குப்பையில் போட்டேன். அத்தைக்குத்தான் மனசு கேட்கவில்லை.

இப்போது ஆறு காகித உறைகளில் திங்கள் முதல் சனி வரை எழுதி ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் காயாது. ஒவ்வொரு மாஸ்க்கும் வாரம் ஒரு முறைதான் வெளியே வரும். இடையில் ஆறு நாள் காய்கிறது, மேலே ஒட்டிய கிருமியும் அதற்குள் பெரும்பாலும் செத்துவிடும். தட்டுப்பாடு இருந்த காலத்தில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு ஒரு மாஸ்க்கை 5 முறைக்கு மேல் மாட்ட வேண்டாம் என்றது. நாடா தொய்வதுதான் அங்கே முக்கியக் காரணம். நான் ஆறு வாரம் வைத்துக்கொள்கிறேன், சித்திரை வைகாசியில் நான்கு. வாசல் சோதனையில் காற்று கசிந்தாலோ, மூச்சு இழுக்கக் கனத்தாலோ, மடங்கிவிட்டாலோ அன்றைக்கே தூக்கிப் போடுவேன். ஒன்று 45 ரூபாய் என்று வாங்குகிறேன். மாதத்துக்குச் சுமார் 200 ரூபாய் ஆகிறது.

பக்கத்து சீட்டு அம்மா ஒருவர், "மல்லிகைப்பூ வாசனையே உள்ள வருதே, அப்புறம் இது என்னத்தைத் தடுக்கும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. வாசனை வாயுவாக வருவது. இழைகள் பிடிப்பது துகளையும் துளியையும்தான். டீசல் நாற்றமும் வரத்தான் செய்யும். அதை வைத்து மாஸ்க்கை எடைபோட முடியாது. மாஸ்க்கின் ஓரத்தில் என் விரலை ஓட்டிக் காட்டினேன். அவர் தன் சர்ஜிகல் மாஸ்க்கின் கன்னப்பக்கம் கையை வைத்து ஊதிப் பார்த்துவிட்டு, "ஆமா, சூடா வருது" என்றார். பழங்காநத்தம் வருவதற்குள் நாடாவில் முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டார்.