#31# போட்டுக் கதைத்த இரண்டு வருடம்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று தேடித்தான் இது தொடங்கியது. விளம்பரத்தில் இருந்த ஏழெட்டுப் பேருக்குக் கல்லடியில் இருந்து கோல் எடுத்தேன், அடுத்த கிழமையே என் நம்பர் புரோக்கர்மாரிடம் போய்விட்டது. இரவு பத்து மணிக்கும் "தம்பி, பைக் எடுத்திட்டீங்களா?" என்று கேட்டார்கள். அப்புறம் ஒரு கூட்டாளி சொல்லித்தான் நம்பருக்கு முன்னால் #31# போடப் பழகினேன்:

```
#31#07XXXXXXXX
```

அந்த ஒரு கோலுக்கு மட்டும் நம்பர் மறையும், எதிர்ப்பக்கம் "Private number" மாதிரி ஏதாவது விழும். எஸ்எம்எஸ்ஸுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இது செல்லாது. கம்பெனியின் பதிவில் நம்பர் இருக்கும்தான், ஆகவே யாரையும் மிரட்டிவிட்டுத் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் அடிக்கப் பஞ்சிப்பட்டு, போன் செட்டிங்கில் போய் "Hide number" என்று நிரந்தரமாக வைத்தேன். அதுதான் பிழை. அக்கரைப்பற்றில் இருக்கும் அம்மா மூன்று நாள் என் கோலை எடுக்கவே இல்லை. கடைசியில் தங்கச்சியின் போனில் பிடித்துக் கேட்டால், "நம்பர் விழாத கோலெல்லாம் நான் எடுக்கிறதில்லை மனே" என்கிறார். மறைக்கிற நிலையில் இருக்கிறதா என்று பார்க்க *#31# அடித்தால் திரையிலேயே பதில் வரும். மறைத்து வைத்திருக்கும்போதே ஒருவருக்கு மட்டும் காட்ட *31# போட்டு நம்பரை அடிக்கலாம். நான் செட்டிங்கைப் பழையபடி "Network default"க்கு மாற்றிவிட்டு, தேவையான கோலுக்கு மட்டும் #31# போடுகிறேன். இரண்டு சிம் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், நான் முதலில் மற்ற சிம்மில் மாற்றிவிட்டு வேலை செய்யவில்லை என்று புலம்பினேன்.

வருகிற கோலுக்குப் பெயர் காட்டும் செயலி ஒன்றையும் அதே நாட்களில் போட்டேன். கூரியர் பொடியன் கூப்பிட்டால் தெரிகிறது, அது நல்லது. ஆனால் டேட்டா நிறுத்தியிருந்தால் பெயர் வராது. பற்றரி சேமிப்பில் போன் அந்தச் செயலியைத் தூங்க வைத்துவிட்டால் மணி அடித்து முடிந்த பிறகு பெயர் விழும், அதை வைத்து என்ன செய்ய? பற்றரி செட்டிங்கில் அதற்கு மட்டும் "Unrestricted" கொடுத்த பிறகுதான் ஒழுங்காக வந்தது. இன்னொன்று, நம்பரை மறைத்து வருகிற கோலுக்கு எந்தச் செயலியாலும் பெயர் சொல்ல முடியாது, தேடுவதற்கு நம்பரே வந்து சேரவில்லையே.

காட்டுகிற பெயரையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அது பெரும்பாலும் மற்றவர்கள் தங்கள் போனில் சேமித்து வைத்த பெயர்தான். போன மாதம் களுவாஞ்சிக்குடியில் மச்சானின் புது போனுக்குக் கோல் எடுத்துப் பார்த்தோம், என் நம்பர் அதில் இன்னும் ஏறவில்லை. திரையில் என் பெயர் "பைக் புரோக்கர்" என்று விழுந்தது.